தெருவில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு: பூட்டு, ஜிபிஎஸ், காப்பீடு எந்த வரிசையில்?

குரோம்பேட்டை ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு சந்தில் காலை 8.40 மணிக்கு வண்டியை நிறுத்தினேன். நிலையத்தின் வாகன நிறுத்தத்தில் விட்டால் கட்டணம், அதோடு வெளியேறும்போது பத்து நிமிட வரிசை. இரண்டையும் மிச்சப்படுத்துகிறோம் என்ற நினைப்பு. ஹேண்டில் லாக் போட்டேன், ஒரு முறை இழுத்தும் பார்த்தேன். இரவு 7.15 மணிக்குத் திரும்பியபோது அந்த இடத்தில் வேறொருவருடைய ஸ்கூட்டர் நின்றது.

வண்டி வாங்கி இரண்டு ஆண்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. அதன்பின் ஏழு மாதம் காவல் நிலையம், காப்பீட்டு அலுவலகம், ஆர்.டி.ஓ. என்று அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். சென்னையைப் போன்ற நெருக்கடியான ஊருக்குப் புதிதாக வந்து, அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒதுக்கிய இடம் இல்லாமல் தெருவோரம் வண்டியை விடுகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது.

இரண்டாவது வண்டிக்கு நான் செலவு செய்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஸ்க் லாக் 750 ரூபாய், செயின் லாக் 1,650, தரையில் பதித்த இரும்பு வளையம் 500, ஜிபிஎஸ் கருவி 2,800, ஓராண்டுக் காப்பீடு 1,080. மொத்தம் 6,780 ரூபாய். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க முடியாதவர்கள் கீழே உள்ள வரிசையிலேயே போகலாம்.

1. இன்றிரவே காப்பீட்டுத் தாளை எடுத்துப் பாருங்கள்

பூட்டு வாங்குவதற்கு முன்பே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் ஏமாந்தது இங்கேதான்.

2018 செப்டம்பர் முதல், புதிய இருசக்கர வண்டி வாங்கும்போதே ஐந்து ஆண்டுக்கு மூன்றாம் நபர் காப்பீடு எடுத்தாக வேண்டும். விற்பனையகத்தில் பெரும்பாலும் அதனுடன் ஓராண்டுக்கு மட்டும் சொந்தச் சேதக் காப்பீட்டைச் சேர்த்துத் தருவார்கள். தாளின் மேலே பெரிய எழுத்தில் ஐந்து ஆண்டுக்குப் பிந்தைய தேதி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நாமும் ஐந்து ஆண்டுக்குக் கவலை இல்லை என்று தாளை மடித்து வைத்துவிடுகிறோம். உங்கள் வண்டி இன்னொருவர் மேல் மோதினால் அவருக்கு இழப்பீடு கொடுப்பதுதான் மூன்றாம் நபர் காப்பீடு. வண்டி திருட்டுப்போனால் பணம் தருவது சொந்தச் சேதக் காப்பீடு. அது முதல் ஆண்டோடு முடிந்துவிடும், போலீஸ் சோதனையிலும் யாரும் அதைக் கேட்பதில்லை என்பதால் முடிந்ததே நமக்குத் தெரிவதில்லை.

என் கணக்கு இது. வண்டியின் ஷோரூம் விலை 90,000 ரூபாய். திருட்டுக்குக் காப்பீட்டு நிறுவனம் தரும் அதிகபட்சத் தொகைக்கு ஐ.டி.வி. என்று பெயர். வண்டியின் வயதுக்கேற்ப அது குறையும். இரண்டு முதல் மூன்று ஆண்டு வயதுள்ள வண்டிக்கு 30 விழுக்காடு கழிவு. அதன்படி எனக்கு 63,000 ரூபாய் கிடைத்திருக்க வேண்டும். ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் கட்டிச் சொந்தச் சேதக் காப்பீட்டைப் புதுப்பிக்காததால் ஒரு காசும் கிடைக்கவில்லை.

தாளில் இரண்டு காலக்கெடு இருக்கும். சொந்தச் சேதத்துக்கு எதிரே உள்ள தேதியைப் பாருங்கள். அது முடிந்திருந்தால் அதை மட்டும் தனியாக வாங்கலாம், ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டைத் தொட வேண்டியதில்லை. இடைவெளி விழுந்துவிட்டதால் வண்டியை நாலாபுறமும் படமோ காணொளியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள். பகல் வெளிச்சத்தில் எடுங்கள். சேசிஸ் எண் தெரியவில்லை என்று எனக்கு ஒரு முறை திருப்பி அனுப்பினார்கள்.

இதே வேகத்தில் சீட்டுக்கு அடியில் இருக்கும் அசல் ஆர்.சி.யையும் வெளியே எடுத்து வீட்டில் வையுங்கள். சாலையில் காட்டுவதற்கு டிஜிலாக்கரோ எம்பரிவாகன் செயலியோ போதும். அசலை வண்டிக்குள் விட்டால், திருடனுக்கு வண்டியோடு அதை விற்பதற்கான காகிதத்தையும் சேர்த்துக் கொடுத்ததாக ஆகும். நான் அதையும் செய்திருந்தேன்.

இரண்டு அசல் சாவிகளையும் கணக்கில் வையுங்கள். இழப்பீடு கேட்கும்போது நிறுவனம் இரண்டையும் கேட்கும். ஒரு சாவி முன்பே தொலைந்திருந்தால், தொலைந்த அன்றே புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால், சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனீர்களா என்ற கேள்வி வரும், அதற்குப் பதில் சொல்லி முடியாது.

2. பூட்டு: ஹேண்டில் லாக் பூட்டே அல்ல

வண்டி போன வாரத்தில், எங்கள் தெரு மெக்கானிக் தன் பெட்டியிலிருந்து உடைந்த ஒரு ஹேண்டில் லாக்கை எடுத்து என் கையில் வைத்தார். நாக்கு போல நீட்டிக்கொண்டிருக்கும் அந்த இரும்புத் துண்டு என் சுண்டுவிரல் நுனி அளவுகூட இல்லை. "இதை நம்பித்தான் சார் தொண்ணூறாயிரத்தைத் தெருவில் விடுகிறீர்கள்" என்றார். ஹேண்டில் என்பது நீளமான நெம்புகோல். அதன் நுனியில் ஒரு ஆள் பலத்தைக் கொடுத்தால் அந்தச் சிறு துண்டு எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

அடுத்து வருவது டிஸ்க் லாக். முன் பிரேக் டிஸ்க்கில் உள்ள துளை வழியாகக் குறுக்கே ஒரு கம்பியைச் செருகிப் பூட்டுவது. சக்கரம் சுற்றாது. கைப்பையில் அடங்கும், இரண்டு நொடியில் போடலாம், கடைக்குப் போகும் பத்து நிமிடத்துக்கு இதுவே பொருத்தம். வாங்கும்போது உங்கள் டிஸ்க்கின் துளை அளவுக்குக் கம்பி சரியாக இருக்கிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். அலாரம் உள்ளது என்றால் தட்டிப் பார்த்து ஒலியைக் கேளுங்கள். மழைக்காலத்தில் மலிவான அலாரங்கள் பேருந்து கடந்து போனாலே அலறத் தொடங்கி, மூன்றாம் நாள் அக்கம்பக்கத்தார் அதைக் கண்டுகொள்வதையே விட்டுவிடுவார்கள்.

டிஸ்க் லாக்கில் பொறி ஒன்று உண்டு. அதைப் போட்டதை மறந்து வண்டியை எடுப்போம். சக்கரம் பாதிச் சுற்றில் நின்று வண்டி குப்புற விழும், டிஸ்க் வளையும், காலிப்பர் அடிபடும். பூட்டோடு சுருள் சுருளாக ஆரஞ்சு நிறக் கயிறு ஒன்று தருவார்கள். ஒரு முனையைப் பூட்டிலும் மறுமுனையை ஹேண்டிலிலும் மாட்டும் நினைவூட்டல் அது. அசட்டுத்தனமாகத் தோன்றினாலும் மாட்டுங்கள்.

டிஸ்க் லாக்கால் தடுக்க முடியாதது ஒன்று உண்டு. இரண்டு பேர் வண்டியை அப்படியே தூக்கிச் சரக்கு வண்டியில் ஏற்றிவிடலாம். நூறு சிசி வண்டி நூற்றுப் பத்து கிலோதான். அதனால் இரவு முழுதும், பகல் முழுதும் நிற்கும் இடங்களில் வண்டியை அசையாத ஒன்றோடு கட்டியாக வேண்டும். அதற்குத்தான் செயின்.

செயினில் பார்க்க வேண்டியது கண்ணியின் தடிமனும், அது கடினப்படுத்திய எஃகா என்பதும். ரப்பர் உறைக்குள் கம்பிப்பின்னல் வைத்த கேபிள் லாக்குகள் ஹெல்மெட்டைக் கட்டுவதற்குத்தான் ஆகும், கைக்கட்டருக்குப் பணிந்துவிடும். 8 மில்லிமீட்டருக்குக் குறையாத கடினப்படுத்திய செயின் வாங்குங்கள். ஒரு மீட்டர் ஏறத்தாழ ஒன்றரை கிலோ கனக்கும். தினமும் சுமப்பது தொல்லை என்பதால் நான் அதை வீட்டு வாசலிலேயே விட்டுவைக்கிறேன், டிஸ்க் லாக் மட்டும் என்னோடு பயணிக்கிறது. கையடக்கக் கிரைண்டர் எந்தச் செயினையும் அறுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதன் சத்தத்துக்கும் தீப்பொறிக்கும் அஞ்சி, அதே தெருவில் செயின் இல்லாமல் நிற்கும் வண்டியைத்தான் திருடன் தேர்ந்தெடுப்பான்.

கட்டும் விதம் முக்கியம். செயின் தரையில் கிடந்தால் தரையே பட்டறைக் கல்லாகிவிடும், சுத்தியலால் அடிக்க வசதி. தொய்வில்லாமல், தரைக்கு மேலே, வண்டியின் சட்டத்தைச் சுற்றிக் கட்டுங்கள். மோட்டார் சைக்கிளில் பின் சக்கரத்தையும் அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் சேர்த்துப் பிடித்தால் நல்லது. டிரம் பிரேக் ஸ்கூட்டரில் டிஸ்க் இல்லை, அதனால் டிஸ்க் லாக்குக்கு வழியில்லை. முன் சக்கரத்தின் துளை வழியாகச் செயினை விட்டு ஃபோர்க்கைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். பின்னால் இருக்கும் கைப்பிடிக் கம்பியில் மட்டும் கட்டுகிறவர்கள் நிறையப் பேர். அது நாலு போல்ட்டில் நிற்கிறது, ஸ்பேனர் போதும்.

எதோடு கட்டுவது? கட்டடத்தின் கீழ்த்தளம் என்றால், வெல்டிங் கடையில் 12 மில்லிமீட்டர் கம்பியை வளைத்து வளையம் செய்து, ஆங்கர் போல்ட்டால் கான்கிரீட்டில் பதித்துவிடலாம். எங்கள் கட்டடச் சங்கத்தில் இதற்கு எழுத்தில் அனுமதி கேட்டேன், கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று, பதிக்க அரை மணி நேரம். மின்கம்பத்தில் கட்டாதீர்கள், மழை நாளில் உயிருக்கே ஆபத்து. எதுவுமே கிடைக்காத இடத்தில், வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் இரண்டையும் ஒன்றோடொன்று பிணைத்துவிடுங்கள். இரண்டையும் சேர்த்துத் தூக்குவது எளிதல்ல.

3. எங்கே நிறுத்துவது

கூட்டம் பாதுகாப்பு என்று நாம் நினைக்கிறோம். தி.நகரில் ரங்கநாதன் தெரு முனையில் ஒருவன் ஒரு வண்டியோடு ஐந்து நிமிடம் மல்லுக்கட்டினால் யார் கேட்பார்கள்? சாவி மாட்டிக்கொண்டது போல என்று நாமே இரக்கப்பட்டுக் கடந்துபோவோம். கூட்டத்தைவிட, உங்களை அடையாளம் தெரிந்த ஒரு ஜோடிக் கண் மேல். நான் இப்போது நிறுத்துவது ஒரு தேநீர்க் கடைக்கு நேர் எதிரே. இது யாருடைய வண்டி என்று கடைக்காரருக்குத் தெரியும்.

ரயில், மெட்ரோ நிலையங்களில் கட்டணம் கட்டி உள்ளேயே விடுங்கள். மாதச் சீட்டு வாங்கினால் நாளுக்கு ஆகும் செலவு குறையும். டோக்கனை வண்டியின் டேங்க் கவரில் செருகி வைப்பது பலருக்கும் உள்ள பழக்கம். டோக்கனைக் காட்டினால் வண்டியை வெளியே விடும் இடத்தில் அப்படிச் செய்தால் கட்டணம் கட்டியும் பயனில்லை. அதைச் சட்டைப்பையில் வையுங்கள், கூடவே ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அங்கேதான் நிறுத்தினீர்கள் என்பதற்குப் பின்னால் அதுதான் சான்று.

தெருவில் விட நேர்ந்தால், கேமரா இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது, அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றும் பாருங்கள். என் வண்டி நின்ற சந்தில் மூன்று கேமராக்கள் இருந்தன. மூன்றும் அவரவர் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

4. ஜிபிஎஸ் கருவி: கடைசியில் வாங்குங்கள், கவனமாக வாங்குங்கள்

இது திருட்டைத் தடுக்காது, போன வண்டி எங்கே இருக்கிறது என்று சொல்லும். அதனால்தான் வரிசையில் இதற்கு நான்காம் இடம்.

பேட்டரியோடு ஒயரால் இணைக்கும் வகையையே வாங்குங்கள். உள்ளே தனியாக ஒரு சிறு பேட்டரி இருக்க வேண்டும். ஒயரை யாராவது வெட்டினால், அந்த நொடியே உங்கள் கைபேசிக்கு எச்சரிக்கை வர வேண்டும். கருவியைப் பொருத்தியவுடன், பொருத்துகிறவர் முன்னிலையிலேயே ஒயரைக் கழற்றச் சொல்லி எச்சரிக்கை வருகிறதா என்று பாருங்கள். அடுத்தது சிம். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கருவிகளில் பல 2ஜி மட்டும் பிடிப்பவை. ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அந்த சிம்மைப் போட்டால் கருவி ஊமையாகவே இருக்கும். 4ஜி கருவிக்குக் கூடுதலாகச் சில நூறு ரூபாய் கொடுப்பது மேல். முதல் ஆண்டு சந்தா பெரும்பாலும் விலையிலேயே சேர்ந்திருக்கும், இரண்டாம் ஆண்டிலிருந்து எவ்வளவு என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். சந்தா முடிந்த கருவியைச் சுமந்துகொண்டு நிம்மதியாகத் திரிகிறவர்கள் ஏராளம்.

பொருத்தும் இடத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். அவசரக்காரர் பேட்டரியின் மேலேயே கருவியை டேப் சுற்றி வைத்துவிட்டுப் போவார். அந்த மூடியைத் திறந்ததும் கண்ணில் படுவது அதுதான். பிளாஸ்டிக் பக்கப் பலகைக்கு உள்ளே, வானத்தைப் பார்க்கும்படி வைக்கச் சொல்லுங்கள். மேலே இரும்புத் தகடு வந்தால் செயற்கைக்கோள் சிக்னல் கிடைக்காது.

இன்ஜினைத் தொலைவிலிருந்து நிறுத்தும் ரிலே வேண்டுமா என்று கேட்பார்கள். நான் வேண்டாம் என்றேன். தெரியாமல் பொத்தான் அழுந்தி, ஜி.எஸ்.டி. சாலையில் லாரிக்கு முன்னால் வண்டி நின்றுபோனால் என்ன ஆகும்? வைத்தே ஆக வேண்டும் என்றால், வண்டி நின்றிருக்கும்போது மட்டும் வேலை செய்யும் வகையைக் கேளுங்கள்.

வண்டி எடுக்காத நாளிலும் கருவி பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். 20 மில்லியாம்பியர் இழுக்கும் கருவி ஒரு நாளைக்கு அரை ஆம்பியர் மணி எடுத்துக்கொள்ளும். ஸ்கூட்டரில் இருப்பது நான்கு ஆம்பியர் மணி பேட்டரி என்றால், எட்டே நாளில் காலி. பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பி, கிக்கரை உதைத்துக்கொண்டிருந்தது நான்தான். எந்த அளவு மின்சாரம் இழுக்கும் என்பதை வாங்குமுன் கேளுங்கள்.

சாவிக்கொத்தில் போடும் புளூடூத் வில்லையை ஜிபிஎஸ் என்று எண்ணி வாங்காதீர்கள். அருகில் போகும் யாருடைய கைபேசியாவது அதைக் கண்டால்தான் இடம் தெரியும். போதாக்குறைக்கு, அறிமுகமில்லாத வில்லை ஒன்று கூடவே வருகிறது என்று திருடனின் கைபேசிக்கும் அது சொல்லிவிடக்கூடும். இரண்டாவது துணையாக ஒளித்துவைக்கலாம், அவ்வளவே.

காப்பீட்டில் திருட்டுத் தடுப்புக் கருவிக்குத் தள்ளுபடி உண்டு என்று விற்பனையாளர் சொல்வார். வாகனச் சோதனை அமைப்பான ஏ.ஆர்.ஏ.ஐ.யின் சான்று பெற்ற கருவிக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 விழுக்காடு உண்டுதான். ஆயிரம் ரூபாய்ப் பிரீமியத்தில் அது 25 ரூபாய். ஒரு காபி குடிக்கலாம்.

5. இவ்வளவுக்குப் பிறகும் போய்விட்டால்

முதல் பத்து நிமிடம்: போக்குவரத்துக் காவலர்கள் தூக்கிக்கொண்டு போகவில்லை என்று உறுதி செய்யுங்கள். கடனில் வாங்கிய வண்டி என்றால், தவணை பாக்கிக்காகக் கடன் கொடுத்தவர்கள் எடுத்துப் போயிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பிறகு 112. ஜிபிஎஸ் இடம் காட்டினால் அதைக் காவலரிடம் கொடுங்கள், நீங்களே தேடிப் போகாதீர்கள்.

அன்றே புகார் கொடுங்கள். எங்கள் எல்லை இல்லை என்று சொன்னால், எல்லை எதுவானாலும் முதல் தகவல் அறிக்கை பதியச் சட்டம் வழிசெய்கிறது என்பதை மரியாதையாக நினைவூட்டுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு அது. மின்னணு வழியிலும் தகவல் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். வண்டித் திருட்டுக்கான பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவில் 303(2).

தமிழ்நாட்டில் பெரும்பாலும் முதலில் கையில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது. புகார் வந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. காப்பீட்டு நிறுவனத்துக்கு முதல் தகவல் அறிக்கைதான் வேண்டும். நான் சி.எஸ்.ஆர். ரசீதை வைத்துக்கொண்டு ஒன்பது நாள் சும்மா இருந்துவிட்டேன். அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசம். அதில் இன்ஜின் எண், சேசிஸ் எண் ஒவ்வோர் இலக்கமாகச் சரிபார்த்த பிறகே எழுந்து வாருங்கள்.

மறுநாளே அக்கம்பக்கக் கடைகளில் கேமராப் பதிவைக் கேளுங்கள். பழைய பதிவின் மேலேயே புதியது பதிவாகிக்கொண்டிருக்கும், சில வாரங்களில் உங்கள் நாள் அழிந்துவிடும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றோ மறுநாளோ சொல்லிவிடுங்கள். புகார் உடனே கொடுத்திருக்கும்போது, நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் வைத்து இழப்பீட்டை மறுக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதைச் சொல்லி வழக்காடுவதைவிட ஒரு தொலைபேசி அழைப்பு எளிது. ஆர்.டி.ஓ.வுக்கும் அறிக்கையின் நகலுடன் ஒரு கடிதம் கொடுத்து, வண்டியைப் பெயர் மாற்றாமல் தடுக்கக் கேளுங்கள்.

அதன்பின் காத்திருப்பு. வண்டி கிடைக்கவில்லை என்று காவல் துறை இறுதி அறிக்கை தந்தபிறகே காப்பீட்டுப் பணம் நகரும். என் அலுவலக நண்பருக்கு அந்த அறிக்கை கிடைக்க நான்கு மாதம், அதன்பின் பணம் வர ஆறு வாரம். இரண்டு சாவி, ஆர்.சி., கையெழுத்திட்ட படிவம் 28, 29, 30, கடன் இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்று ஆகியவற்றை அந்த நான்கு மாதத்திலேயே தயார் செய்துவிட்டார்.

எனக்குக் காப்பீடு இல்லை, ஆனால் புகார் கொடுத்தது வீணாகவில்லை. மூன்றாம் மாதம், தலைக்கவசம் இல்லாமல் மூன்று பேர் போனதாக என் கைபேசிக்கு ஓர் இ-சலான் வந்தது. வண்டி என்னுடையது, தலைகள் வேறு யாருடையவையோ. அபராதத்தை உடனே கட்டித் தொலைக்காதீர்கள். அதில் இடமும் நேரமும் இருக்கும், அச்செடுத்துக் காவல் நிலையத்தில் கொடுங்கள். என் வண்டி அந்தத் தாளை வைத்துத்தான் ஏழாம் மாதம் கிடைத்தது.

கிடைத்த வண்டியை நிலையத்திலிருந்து நேரே ஓட்டிக்கொண்டு வந்துவிட முடியாது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, பிணைப்பத்திரம் எழுதிக்கொடுத்து எடுக்க வேண்டும். வழக்கு முடியும்வரை விற்கவோ நிறம் மாற்றவோ கூடாது என்று எனக்கு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். காப்பீட்டுப் பணம் வாங்கியிருந்தால் வண்டி நிறுவனத்துக்கே சொந்தம், கிடைத்த தகவலை அவர்களுக்குச் சொல்லிவிடுவதோடு உங்கள் வேலை முடிந்தது.